எழுதித் திருத்திய கடிதம்

மலர்க் குழுவினர் என்னிடம் கல்லூரி நினைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தனர். நினைவுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின் நான் கடந்த ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றியே இங்கு எழுதத் துணிகின்றேன். அது கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சகபாடி ஒருவனுக்கு எழுதியது. ஒரு பக்கத்துக்கும் குறைவான அக்கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாட்கள் சென்றன.

அவன் கொக்குவிலிலுள்ள தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் மகளுடன் வாழ்ந்து வருகின்றான். தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவனுடைய வலக்கை சோர்ந்தது, பேச்சும் நின்றது. மூளையின் இடப்பக்கத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்று அடைபட்டுவிட்டதென மருத்துவர் கூறினராம். பேச்சைத் தொடுத்துக் கொடுக்கும் இடம் பெரும்பாலார்க்கு அப்பக்கத்திலேயே இருக்கின்றது. அவனுக்குப் பிறர் சொல்வது பெரும்பாலும் விளங்குகின்றது. தான் சொல்ல எண்ணுவதுதான் வாயில் வருவதில்லை. நமது கல்லூரியின் விவாத மேடையில் அவனைக் கேட்டவர்களுக்கு இதன் கொடுமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்தி கேட்ட அன்றிரவே எழுதலானேன். அம்முதற் கடிதம் பின்வருமாறு அமைந்தது:

“அன்பும் பண்பும் மிக்க நண்பர் அவர்கட்கு, நலம், நலமறிய அவா. தாங்கள் நோயுற்ற செய்தி கேட்டு மிக்க துயருற்றேன். மனத்தைத் தளரவிடாது தைரியமாக இருக்கவும். எல்லாம் விரைவில் சரியாகிவிடும். தாங்கள் பூரண சுகம் பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகின்றேன். ஏதும் உதவி தேவைப்படின் தயங்காது அறியத்தரவும். தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கும்...”

எழுதி முடித்ததும் என் மனையாளிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். பின், “இஞ்சேருங்கோ, போன வருஷம் செத்த வீட்டுக்கு எழுதினதும் இப்பிடித்தானே இருந்தது?” என்றாள். சினம் வந்தது. அவள் அடுக்களைக்குச் சென்றபின் எடுத்து வாசித்துப் பார்த்தேன். பெயரை மாற்றினால் அதை எவருக்கும் அனுப்பலாம். இரண்டு சொற்களை மாற்றினால் செத்த வீட்டுக்கும் அனுப்பலாம். அவனுக்கு நான் “தாங்கள்” என்று எழுதியது அதுவே முதன்முறை. அறுபது ஆண்டுகளாக அவன் எனக்கு மச்சான்.

மறுநாள் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்க்கலானேன். “நலமறிய அவா” என்பது நம் கடிதங்களில் வாசற்படி போன்றது. வழமையில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் பேச இயலாதவனிடம் அது ஒரு கேள்வியாகின்றது. “பதிலை எதிர்பார்க்கும்” என்பதோ இன்னும் மோசம். வலக்கை எழாதவன் எதைக் கொண்டு எழுதுவான்? “தயங்காது அறியத்தரவும்” என்பதும் அவ்வாறே. நோயாளி முதலில் தனக்கு என்ன வேண்டுமென்று எண்ண வேண்டும். பின் அதை இவனிடம் கேட்கலாமா என்று எண்ண வேண்டும். அதன்பின் கேட்கவும் வேண்டும். உதவி என்ற பெயரில் நான் அவனுக்கு மூன்று வேலைகளைக் கொடுத்திருந்தேன்.

“எல்லாம் விரைவில் சரியாகிவிடும்” என்ற வாக்கியத்தை அடிக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவனுடைய மகளோடு தொலைபேசியிற் பேசினேன். “மாமா, முதல் மூன்று மாசத்திலதான் கூடத் தேறுமாம்; பிறகு மெல்ல மெல்லத்தானாம். எவ்வளவு வருமெண்டு ஒருத்தரும் சொல்லயில்லை” என்றாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் தேவாரம் பாடியபோது அவனும் கூடவே சொற்பிழையின்றிப் பாடினானாம். பேத்தியின் பெயரைச் சொல்ல இயலாதவன் பாடியதைக் கேட்டு வீட்டார் திகைத்துப்போயினர். பாட்டும் பேச்சும் மூளையில் முற்றாக ஒரே வழியாற் செல்வதில்லை என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் விளக்கினாராம். இராகத்தின் துணைகொண்டு பேச்சை வரவழைக்கும் முறையொன்றை அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தார் 1973 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டிருக்கின்றனர். கேட்டதும், “பாட்டு வந்ததுபோற் பேச்சும் வரும்” என்று எழுதிவிட்டேன். அன்று மாலையே அதை அடித்தேன். அம்முறை சிலருக்குப் பயன்படுகின்றது, சிலருக்குப் பயன்படுவதில்லை. வராவிட்டால் என் கடிதம் அவன் மேசையிற் பொய்யாகக் கிடக்கும். பாரிசவாதம் வந்து எழுந்து நடந்த என் சிறிய தந்தையாரின் கதையையும் அவ்வாறே அடித்தேன். அவருடைய நோய் வேறு, இவனுடைய நோய் வேறு.

நிற்க. மூன்றாம் நாள் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். எங்கள் இறுதி ஆண்டில் விவாத அணிக்கு நான் தலைவன். இறுதிப் போட்டியிற் தொகுப்புரை அவனுடையதென்று எல்லோரும் அறிந்திருந்தோம். அன்று மண்டபம் நிரம்பியிருந்தது கண்டு எனக்கு ஆசை பிறந்தது. கடைசி வேளையில் அதை நானே எடுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. இப்பொழுது சொல்லாவிடின் எப்பொழுது என்று எண்ணி, அரைப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எழுதும்போது கண்ணீரும் வந்தது. கண்ணீர் வந்தமையால் அது நல்ல பகுதி என்றே நம்பினேன்.

இரவிற் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்பவனுக்கு மறுமொழி வேண்டும். “அது போகட்டும், விடு” என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. ஒருமுறை அவன் பேச்சைப் பறித்தவன், அவன் பேச இயலாதிருக்கும்போது என் மனப் பாரத்தை இறக்க அவனையே கூப்பிடுவதா? அந்த அரைப் பக்கத்தை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றது. அதே ஆண்டின் வேறொரு மாலையை அதனிடத்தில் எழுதினேன். அந்நினைவு அவனிடம் எதையும் கேட்கவில்லை.

எழுதும் முறையையும் மாற்றினேன். இந்நோயில் வாசிப்பும் தடுமாறுவதுண்டு. ஆகவே மகள் வாசிக்க அவன் கூடவே பார்த்து வருவதற்கேற்ப, ஒரு வரிக்கு ஒரு செய்தியாக, பெரிய எழுத்தில், கறுப்பு மையால் எழுதினேன். ஒரு கையாற் பிடிக்கத்தக்க தடித்த ஒற்றைத் தாள், மடிப்பில்லை. கேள்விக்குறி எதுவும் இல்லை.

“மச்சான்,
பதில் வேண்டாம். நான் எழுதிக்கொண்டிருப்பேன்.
இன்று சனிக்கிழமை. காலையில் உன் வீட்டுக்குப் போனேன்.
யன்னல்களைத் திறந்து காற்று வரவிட்டேன்.
கிணற்றடித் தேசிமரம் காய்த்திருக்கிறது. முப்பத்தொரு காய்.
நாலு காய் இத்தோடு வருகின்றன. மணந்து பார்.
மின்கட்டணத்தை நான் கட்டினேன். மாதந்தோறும் கட்டுவேன்.
நினைத்த சொல் வாயில் வராமற் போவது பெரிய கொடுமை. அதிலும் உனக்கு.
விடுதிக்குப் பின்னால் வேம்பின் கீழ் நீ பேசிப் பழகிய மாலையை நினைத்தேன்.
சமையற்காரர் அகப்பையோடு வந்து நின்று கேட்டார்.
சோறு குழைந்துபோயிற்று. குழைந்த சோற்றை எல்லோரும் தின்றோம்.
ஒருவரும் உன்னை ஏசவில்லை.
அடுத்த சனிக்கிழமையும் எழுதுவேன்.”

தேசிக்காயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மனையாள் ஊறுகாய் போட்டு ஒரு போத்தல் அனுப்புவதாகவே முதலில் எழுதியிருந்தேன். இரத்த அழுத்தமுள்ளவனுக்கு உப்பில் ஊறியதை அனுப்புவது அன்பாகாது. இந்நோயாளர் சிலருக்கு விழுங்குவதிலும் சிரமம் உண்டாவதால் தின்பண்டம் எதையும் வீட்டாரைக் கேளாது அனுப்பலாகாது. ஆகவே வெறுங்காயாகவே யாழ்தேவியிற் சென்ற பெறாமகனிடம் கடிதத்தோடு கொடுத்தனுப்பினேன்.

கடைசி வரியை நான் வெறும் முடிப்பாக எழுதவில்லை. நோயுற்றவர் வீட்டில் முதல் இரண்டு கிழமையும் ஆட்கள் நிறைவர்; தோடம்பழமும் ஹோர்லிக்சும் மேசையிற் குவியும். மூன்றாம் மாதத்தில் அந்த வாசலில் எவருடைய செருப்பும் இராது. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்னும் மனநல மருத்துவர் 1969 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஓர் ஆய்வை மருத்துவரான பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சொன்னார். வாழ்வை வெறுத்து மருத்துவமனைக்கு வந்து, பின் தொடர்சிகிச்சை வேண்டாமென்று சென்ற 843 பேரை அவர் இரு கூறாக்கினார். ஒரு கூறினர்க்கு ஐந்து ஆண்டுகளில் இருபத்துநான்கு சிறு கடிதங்கள் சென்றன. உங்களை நினைக்கின்றோம் என்பதற்கு மேல் அவற்றில் எந்தக் கோரிக்கையும் இல்லை. ஒவ்வொரு முறையும் வாசகம் மாறும். முன்னர் அவர் ஏதும் எழுதியிருந்தால் அதைத் தொட்டு எழுதுவர். முகவரியிட்ட உறையொன்றும் உடன் செல்லும். ஆனால் முத்திரை ஒட்டுவதில்லை. ஒட்டினால் பதில் எழுதும் கடமை பிறந்துவிடும் என்பது எண்ணம். கடிதம் பெற்றவரிடையே, சிறப்பாக முதலிரண்டு ஆண்டுகளில், தற்கொலை குறைந்திருந்ததாம். என் நண்பனின் நோய் வேறுதான். ஆனால் அந்த ஒட்டாத முத்திரை என் மனத்திற் பதிந்துவிட்டது.

கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் அவனுடைய மகள், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அப்பா இதில ஒரு வரியில விரலை வைச்சுத் தலையாட்டுறார். எங்களுக்கு விளங்கேல்லை” என்றாள். அவன் கட்டிலிற் சாய்ந்திருந்தான். இடக்கை விரல் தாளின் மீது நின்றது. வேம்பு என்ற சொல்லின் மேல் ஓங்கி ஓங்கித் தட்டினான்; இல்லையென்று தலையை அசைத்தான்.

“வேம்பு இல்லையோ?” என்றேன். தலை ஆடியது.

“புளியோ?” இல்லை. “மாவோ?” முகத்தைச் சுளித்தான். பள்ளிக் காலத்தில் என் கணக்கைப் பார்த்து அவன் முகம் சுளிப்பது இப்படித்தான்.

விடுதியின் பின்புறத்தை மனத்திற் கொண்டுவந்து பார்த்தேன். நிலமெங்கும் உதிர்ந்து கிடந்த வெளிறிய பூக்களும் அவற்றின் புளித்த இனிப்பு வாடையும் நினைவுக்கு வந்தன.

“இலுப்பை,” என்றேன்.

“ஓம்,” என்றான்.

அடுத்த சனிக்கிழமைக் கடிதத்தை, “மச்சான், இலுப்பைதான். நீ சொன்னது சரி” என்று தொடங்கினேன்.