நாடி முடியிற இடமா, மயிர் முடியிற இடமா?

"தலைமயிர் சாதாரணம். ஒரு பக்கமா இழுத்திருக்கிறான். கொஞ்சம் தாடி இருக்கு."

போனில் நான் முதல் சொன்னது இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வட்ஸ்அப்பில் ஒரு பென்சில் படம் வந்தது. எங்கட சந்திச் சலூனில் குந்தியிருக்கிற எந்தப் பெடியனுக்கும் பொருந்தக்கூடிய முகம். "ஆரடி இது?" என்று கேட்டேன். "நீ சொன்னதைத்தான் கீறினனான்" என்றாள்.

விசயம் இதுதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அன்ரியிடம் ஒரு கலியாணப் படம் இருக்கிறது. 2004இல் வன்னியில் எடுத்தது. அதில் அவவின்ர மகன் நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில், தோளில் கைபோட்டபடி இன்னொரு பெடியன். மகன் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை. கடைசி நாட்களில் இந்தப் பெடியன்தான் அவனோடு நின்றவன் என்று ஆரோ அன்ரிக்குச் சொல்லியிருக்கினம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. படத்தைக் கொண்டுபோய் விசாரிப்பம் என்றால், அன்ரி அதை வீட்டுப் படலைக்கு வெளியே விடமாட்டா. முந்தி ஒரு பிரதியை ஒரு அலுவலகத்தில் கோவைக்கென்று குடுத்து, அது திரும்பி வரவில்லை. போனில் எடுக்கவும் விடமாட்டா. "போனுக்குள்ள போனா அது எங்கெங்க போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளை உயிரோட எங்கயாவது இருந்தா அவனுக்குக் கரைச்சல் வரக்கூடாது." நியாயம்தானே. தன் கையில் வைத்துக்கொண்டு, தான் நம்புகிற ஆட்களுக்கு மட்டும் காட்ட ஒரு கீறின படம் போதும் என்றா. கீறக்கூடிய என் சிநேகிதி இருப்பது மட்டக்களப்பில். ஆகவே நான் அன்ரி வீட்டு விறாந்தையில் பூதக்கண்ணாடியோடு இருந்து பார்த்துச் சொல்ல, அவள் அங்கே கேட்டுக் கீறுவது என்று முடிவானது.

"சாதாரணம்" என்ற சொல்லை அவள் முதலில் தடைசெய்தாள். பிறகு என்னை ஒரு வெள்ளைக் கடதாசியை விரலகலத்துக்குக் கிழிக்கச் சொன்னாள். அதைப் படத்தில் முகத்துக்குப் பக்கத்தில் நெடுக்காக வைத்து, கூர்ப்பென்சிலால் கடதாசியில் மட்டும் சின்னக் கோடுகள் போடவேண்டும்: தலைமயிர் முடிகிற உச்சம், நெற்றியில் மயிர் தொடங்குகிற இடம், புருவம், மூக்கின் அடி, நாடி. நல்லகாலம், அன்ரி படத்தைத் தொட விட்டா. அடிமட்டத்தில் பார்த்தால் நெற்றி 4 மில்லிமீற்றர், புருவத்திலிருந்து மூக்கடி வரை 5, மூக்கடியிலிருந்து நாடி வரை 5. நெற்றிக்கு மேலே நிற்கிற மயிர் இன்னொரு 4.

இந்த மில்லிமீற்றர் அவளுக்குத் தேவையில்லை, ஒன்றுக்கொன்று என்ன அளவு என்பதுதான் தேவை. கீறப் பழகுகிறவர்கள் முகத்தை மயிர்க்கரை, புருவம், மூக்கடி, நாடி என்று மூன்று சமபங்காகத்தான் தொடங்குவார்களாம். உண்மையான முகங்கள் அப்படி இருக்காது. எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில்தான் ஆள் இருக்கிறான். இவனுக்கு நெற்றி மற்ற இரண்டையும் விடக் குட்டை, ஆனால் மேலே மயிர் நெற்றியளவுக்கே எழும்பி நிற்கிறது. இதை நான் "பெரிய நெற்றி" என்றுதான் சொல்லியிருப்பேன்! தலை உயரமாகத் தெரிந்ததால் வந்த பிழை.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "நாடி எண்டு நீ கோடு போட்டது நாடி முடியிற இடமா, மயிர் முடியிற இடமா?"

நான் திரும்பக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மயிர் முடிகிற இடத்தில்தான் போட்டிருந்தேன். தாடிக்குள் நாடி தெரியாது. காதுச் சோணைக்குக் கீழே தாடை எலும்பு வருகிற சாய்வைப் பிடித்து, அது எங்கே போய் முடியும் என்று ஊகித்தால் நாடி ஒரு மில்லிமீற்றர் மேலே வருகிறது. அப்படியென்றால் கீழ்ப்பங்கு 5 இல்லை, 4. முகம் உடனே கட்டையாகிவிட்டது. இது ஏன் முக்கியம் என்றால், அவள் முதலில் மண்டையையும் தாடையையும் கீறிவிட்டு அதற்கு மேல்தான் மயிரை வைக்கிறாள். மயிரின் வெளிக்கரையை எலும்பென்று நான் சொல்லிக்கொடுத்தால், தாடியை மழித்த பிறகும் அந்த ஆளுக்கு நீளமான நாடி இருக்கும். அது வேறு ஒருத்தனின் முகம்.

இரண்டாவது படம் வந்தது. உச்சி மாறி நின்றது. நான் "வலப்பக்கம் உச்சி" என்றது படத்தில் எனக்கு வலப்பக்கம். அவள் அவனுடைய வலம் என்று எடுத்திருக்கிறாள். இனிமேல் எப்பவும் "அவன்ர இடம், அவன்ர வலம்" என்றுதான் கதைப்பது என்று ஒப்பந்தம். அதோடு விடவில்லை. "சேட்டுப் பொக்கற் எந்தப் பக்கம் இருக்கு, பார்" என்றாள். அவன்ர இடப்பக்கம். அப்ப சரி. பிலிமைத் திருப்பி வைத்துக் கழுவியிருந்தால் பொக்கற் வலத்துக்குப் போயிருக்கும், உச்சியும் மாறியிருக்கும்.

தலைமயிரைச் சொல்வது நான் நினைத்ததைவிடச் சுகமாகப் போனது. வெளிக்கரை, மயிர் தொடங்குகிற கோடு, படுத்திருக்கிற திசை, சுருள் என்ற ஒழுங்கில் கேட்டாள். அவன்ர இடக் கண்ணின் வெளிமூலைக்கு நேர்மேலே உச்சி. அங்கிருந்து மயிர் முதலில் மேலே எழும்பி, பிறகு வலப்பக்கம் சாய்கிறது. நெற்றிப் பொட்டில் உள்வாங்கவில்லை, மூலை கிட்டத்தட்டச் சதுரம். காதின் மேல்விளிம்பை மயிர் தொடுகிறது, மூடவில்லை. சுருட்டையா என்றதற்கு "கொஞ்சம்" என்றேன். "கொஞ்சம் எண்டா என்ன? மினுக்கம் எப்பிடி விழுந்திருக்கு?" நேர்மயிரில் வெளிச்சம் ஒரு பட்டியாக ஓடும், சுருண்ட மயிரில் துண்டு துண்டாக உடையும். இவனுக்கு முன்னால் உடைந்திருந்தது, பக்கத்தில் பட்டி. ஒவ்வொரு துண்டும் அவன்ர கண்ணின் கறுப்பளவு. அவள் "ஓ, முன்னுக்கு மட்டும் அலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன்ர இடப்பக்க மயிர்க்கரை மட்டும் பிடிபடவேயில்லை. பின்னால் கடுஞ்சிவப்புத் திரை, அதில் பிளாஷ் அடித்த நிழல், மயிரும் நிழலும் ஒரே கறுப்பு. மற்றப் பக்கம்போல இருக்கும்தானே, அப்படியே கீறு என்றேன். கீறமாட்டேன் என்றாள். அந்தப் பக்கத்தில் கோட்டை விட்டு விட்டுப் போட்டாள். தெரிகிறது, ஊகிக்கிறேன், தெரியவில்லை: இந்த மூன்றில் எதுவென்று ஒவ்வொன்றுக்கும் சொல்லச்சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருத்தரும் விடை எழுதப் பழக்கவில்லை.

தாடியில்தான் கரைச்சல். என் வாயில் முதலில் வந்தது "பிரெஞ்ச் தாடி". எங்கள் சலூனில் அப்படிச் சொன்னால் மீசையும் நாடியும் சேர்ந்த வட்டம். அவளுக்கு அது நாடியில் மட்டும் கூராக நிற்கிற தாடி. பேரை விட்டோம். பிறகு அவள் ஒரு பிழை விட்டாள்: "சே குவேரா மாதிரியா?" நான் ஓம் என்றேன். அதுக்குப் பிறகு படத்தைப் பார்த்தால் எனக்கு சே குவேராதான் தெரிந்தார், கண்கூட அவருடையதாக. "ஐயோ, நான் அதைக் கேட்டிருக்கக்கூடாது" என்று போனை வைத்துவிட்டாள். தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பத் தொடங்கினோம். ஒரு பேர்போன முகத்தைச் சொன்னால் தாடி மட்டும் வராது, முழு ஆளும் வந்து குந்திவிடுவார்.

திரும்ப எடுத்தபோது கேள்வியை மாற்றியிருந்தாள். "மயிர் இல்லாத இடங்களைச் சொல்லு."

இது எனக்கு விளங்கிய இடம். தாடி எங்கே இருக்கிறது என்று சொல்லப்போனால் 'அடர்த்தி', 'கொஞ்சம்' என்று வழுக்கிக்கொண்டு போகிறது. வெறுந்தோலுக்குக் கரை இருக்கிறது. கீழ்ச்சொண்டுக்குக் கீழே நடுவில் ஒரு சின்னத் திட்டு மயிர், அதன் இரண்டு பக்கமும் வெறும் தோல். கடைவாய்க்குப் பக்கத்தில் மீசை நாடித் தாடியோடு தொடவில்லை, நடுவில் கண்ணின் கறுப்பளவு இடைவெளி. மீசைக்கு நடுவில், மூக்குக்கு நேர்கீழே, மெல்லிய பிரிவு. மீசை மேற்சொண்டின் கரையில் நிற்கிறது, சொண்டை மூடவில்லை. கிருதா காதின் நடுவரை வந்து முடிகிறது. அதுக்குக் கீழே வலச் சொக்கை வெறுமை.

இடச் சொக்கையில் கருமை இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தாடியா? மூக்கின் நிழல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவன்ர இடம். திரையில் விழுந்த நிழலும் இடம். சொக்கைக் கருமை மூக்குநிழலின் அதே நிறம், அதே மங்கல் கரை. அது தாடியில்லை, நிழல். நான் அதைத் தாடி என்று சொல்லியிருந்தால் கிருதாவிலிருந்து நாடி வரை ஒரு பட்டி ஓடியிருக்கும். நாடியில் இருந்தது வேறு மாதிரி: மயிருக்கூடாகத் தோல் நிறம் தெரிந்தது, கரை பொரிப்பொரியாக உடைந்திருந்தது.

நான்காவது படம் வந்தபோது அன்ரி குசினிக்குள்ளிருந்து கை துடைத்தபடி வந்தா. போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தா. பிறகு சட்டப்படத்தைப் பார்த்தா. "காது இன்னும் கொஞ்சம் வெளியில நிக்கும்." அவ சொன்னது சரி. மயிரையும் தாடியையும் பார்த்த நேரத்தில் நான் காதைச் சொல்லவேயில்லை.

அதுதான் என் சிநேகிதிக்கு முதலிலிருந்தே பயம். அறியாத முகம் ஒன்றைப் பார்க்கிறபோது எங்கள் கண் மயிரையும் வெளிக்கோட்டையும்தான் முதல் பிடிக்கிறது. நெருங்கிய ஆள் என்றால் கண், மூக்கு, வாயை வைத்து மட்டை பண்ணுவோம். அவனை இனி அடையாளம் காணப்போகிறவர்கள் அவனை நன்றாய்த் தெரிந்தவர்கள். இருபது வருசத்தில் அந்த மயிரும் தாடியும் இருக்குமா என்ன? ஆகவே இரண்டு தாள் கீறினாள். ஒன்றில் படத்தில் இருக்கிறபடி எல்லாம். மற்றதில் தாடியில்லை, மயிர் வெறும் மெல்லிய கோடு, கண்ணும் மூக்கும் சொண்டும் காதும் மட்டும் அழுத்தமாக. வயது ஏற்றிக் கீறுவியா என்று கேட்டேன். அதுக்கு எங்களிடம் ஒன்றுமில்லை, கீறினால் அது நான் நினைச்ச ஆள் என்றாள்.

தாள்கள் பஸ்ஸில் ஒரு தெரிஞ்ச அண்ணாவின் கையில் வந்தன. அன்ரி தாடியில்லாத தாளைத்தான் கனநேரம் பார்த்தா. இரண்டையும் பிளாஸ்ரிக் கவருக்குள் வைத்து, கவரைச் சீலைத் துண்டால் சுற்றி, கிளிநொச்சிக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு என்று கேட்டா.