ஈரக்காற்றில் ஒரு காகிதத் தோரணம்

டிசம்பர் நடுவில், பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்திலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சிறிய ஆலயத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். இரவெல்லாம் தூறல். உள்ளே கிறிஸ்துமஸ் தோரணங்கள் முந்தைய நாள் பிற்பகலில் கட்டப்பட்டவை. கட்டியபோது விறைப்பாக நின்றவை, இப்போது பெஞ்சுகளுக்கு மேலே வயிறு தள்ளித் தொங்கின. அலங்கார வேலையைக் கவனிக்கும் அண்ணாச்சி ஏணியோடு நின்றார். இழுத்துக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

“இப்ப இழுத்துக் கட்டுனா, மத்தியானம் வெயில் அடிச்சதும் முனையில அந்து போவும், பாத்துக்கிடுங்க.”

காகிதத்தின் நார்கள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளும் அளவு என்னவோ கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் செய்யும் வேலை பெரிது. இங்கே சுவருக்குச் சுவர் 30 அடி. அத்தனை நீளத் தோரணம் 2 அங்குலம் மட்டும் கூடினால், நடுவில் 16 அங்குலம் கீழே இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அளவுநாடாவைப் பிடித்த பிறகுதான் நம்பினேன்.

அண்ணாச்சியின் வழி இது. முதலில் சுவருக்குச் சுவர் மெல்லிய கட்டுக்கம்பியை முறுக்கி விறைப்பாகக் கட்டுகிறார். தோரணத்தை அதில் 3 அடிக்கு ஓரிடத்தில் தொங்கவிடுகிறார். அதே 2 அங்குலம் இப்போது பத்துப் பங்காகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பங்கும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தொய்கிறது. கீழேயிருந்து பார்த்தால் அலைபோல அழகாகவே இருக்கிறது. கம்பிக்குப் பதில் பருத்திக் கயிறோ சணல் கயிறோ போடக் கூடாது என்கிறார். முறுக்கிய கயிறு ஈரத்தில் தடித்து, நீளம் குறையும். காகிதமோ அதே நேரத்தில் நீளும். கயிற்றின் மேல் பசை தடவிக் காகிதக் கொடிகளை ஒட்டியிருந்தால், இரண்டும் எதிரெதிராக இழுத்துக் காகிதம் சுருக்கம் சுருக்கமாக ஆகிவிடும். கயிறுதான் கையில் இருக்கிறது என்றால், காகிதத்தின் மேல்விளிம்பை மடித்துக் கயிறு நழுவும் அளவுக்கு உறைபோல விட்டு, மடிப்பின் ஓரத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

காகிதத்தை எந்தப் பக்கமாக வெட்டுவது என்பதிலும் பாதி வேலை அடங்கியிருக்கிறது. ஆலையில் காகிதம் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையில் அது குறைவாகவே நீளும். குறுக்கே பல மடங்கு கூடுதலாக நீளும். அண்ணாச்சி தாளின் ஓரத்தைக் கிழித்துக் காட்டினார். ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழிகிறது. அதுதான் நாரின் போக்கு. மறுபக்கம் கோணலாக ஓடுகிறது. தோரணத்தின் நீளம் நேராகக் கிழியும் திசையிலேயே வர வேண்டும். கடையில் வெட்டி விற்கும் தோரணங்களில் இதை யாரும் பார்ப்பதில்லை.

அட்டை நட்சத்திரங்கள் சுருண்டுகொள்வதற்குக் காரணம் வேறு. அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் மைதாப் பசை தடவி வண்ணத்தாள் ஒட்டினால், இரு முகங்களும் ஒரே அளவில் நீளவோ சுருங்கவோ முடியாது. அப்போது ஒன்று மற்றொன்றை வளைக்கிறது. பின்பக்கமும் அதே தாளை, அதே நார்த்திசையில், அதே பசையால் ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு பலகைகளுக்கிடையே பாரம் வைத்து இரவு முழுக்க உலரவிட வேண்டும். வார்னிஷ் அடிப்பவர்கள் முன்முகத்தோடு நிறுத்திக்கொள்வதால் அதே கோளாறுதான் மீண்டும் வருகிறது. அடித்தால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். அதுவும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, வாரக்கணக்கில் தடுக்காது.

பீடத்துக்குப் பின்னால் தொங்கிய துணித்திரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கீழ்மடிப்பை இன்னும் தைக்கவில்லை. பாவு நூல் மேலிருந்து கீழாக வரும்படி தொங்கவிட்டு, இரண்டு இரவு ஈரக்காற்றில் அதன் பாரத்துக்கே இறங்கவிட்ட பிறகுதான் கீழ்விளிம்பை மட்டம் பார்த்துத் தைத்து, உள்ளே ஒரு மூங்கில் குச்சி செருகுவார்களாம். குறுக்குக்கோணத்தில் வெட்டிய துணி எப்படித் தைத்தாலும் இறங்கிக்கொண்டேயிருக்கும். பருத்தியைவிட பாலியஸ்டர் சாட்டின் ஈரத்தை மிகக் குறைவாகவே குடிக்கும் என்பதால் வாசல் பக்கம் அதைத்தான் போட்டிருந்தார். சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி. பழைய சுவர் தன் ஈரத்தைத் துணிக்குக் கொடுத்தால் முதலில் கறை, பிறகு பூஞ்சை.

வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் மட்டும் இந்த வருடம் தளர்ந்திருந்தது. முன்பு உள்ளே 40 வாட் குண்டு பல்பு எரிந்தது. அதன் சூடு உள்காற்றை உலர்த்திக் காகிதத்தை விறைப்பாக வைத்திருந்தது. 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 70க்குக் கீழே வந்துவிடும். எல்.இ.டி. அந்த அளவுக்குச் சூடு தருவதில்லை. குண்டு பல்பைக் காகிதத்துக்குள் இரவெல்லாம் எரியவிடத் தீ பயம் இருப்பதால், பழைய முறைக்குத் திரும்ப அண்ணாச்சிக்கு மனமில்லை. அடுத்த நட்சத்திரத்தை பாலிதீன் தாளில் செய்யப்போகிறார்.