கூரையை வைத்துக் குடியிருப்பை எண்ணுதல்

பதுளைப் பக்கத்து விமான ஒளிப்படத்தில் முதலில் தடுமாற வைப்பது கவ்வாத்து மலைதான். கவ்வாத்து வெட்டிய தேயிலையில் இலை இருக்காது. மண் வெளியே தெரிவதால் படத்தில் அது ஊவாவின் பத்தனைப் புல்வெளியைப் போலவே வெளுத்துக் கிடக்கும். நிறத்தை விட்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். கவ்வாத்து மலை தோட்டப் பாதையிலோ கானிலோ வெட்டினாற்போல முடியும். புல்வெளியோ முகட்டோடு வளைந்துபோய், ஓடைப் பள்ளங்களின் கறுத்த மரக்கூட்டத்தில் கரைந்துவிடும்.

தண்ணீரிலும் நிறத்தை நம்புவதில்லை. சூரியன் நிற்கும் கோணத்தைப் பொறுத்து பதுளு ஓயா ஒரு படத்தில் கறுப்பாகவும் அடுத்ததில் வெள்ளையாகவும் வரும். ரயில் பாதையைத் தெருவிலிருந்து பிரிப்பதோ எளிது. கொண்டை ஊசி வளைவில் ரயில் திரும்ப முடியாது. தெமோதரையில் ஏற்றத்தைச் சமாளிக்கப் பாதையையே ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியில் நுழைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது கட்டட அடர்த்திதான். 152 மி.மீ. குவியத் தூரமுள்ள கமராவோடு, கடல் மட்டத்துக்கு மேல் 3,720 மீட்டரில் விமானம் பறந்ததாக வைத்துக்கொள்வோம். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்துக்கும் நகரத்துக்கும் இடையே 3,040 மீட்டர். அதைக் குவியத் தூரத்தால் வகுத்தால் அளவுத்திட்டம் 1:20,000. அதே படத்தில் 1,500 மீட்டரில் ஒரு தோட்டம் இருந்தால் இடைவெளி 2,220 மீட்டராகச் சுருங்கி, அளவுத்திட்டம் ஏறக்குறைய 1:14,600 ஆகிறது. முப்பது மீட்டர் நீள லயம் பள்ளத்தில் 1.5 மி.மீ. கோடாகவும் மலையில் 2 மி.மீ. கோடாகவும் தெரியும்.

அடர்த்தி எண்ண ஐந்து மில்லிமீட்டர் சதுரக் கட்டங்களைப் படத்தின் மேல் வைக்கிறோம். நகரத்தில் ஒரு கட்டம் சரியாக ஒரு ஹெக்டேர். மலையில் அது அரை ஹெக்டேரை விடச் சற்றே கூடுதல். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் தோட்டத்தின் அடர்த்தி பாதியளவுக்குக் குறைந்துவிடும். உயரக்கோட்டு வரைபடத்தைப் பக்கத்தில் விரிக்காமல் நான் எண்ணத் தொடங்குவதில்லை.

அதோடும் முடியவில்லை. நகரத்தில் ஒரு கூரைக்கு ஒரு வீடு என்பது ஓரளவு பொருந்தும். லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் காம்பிராக்கள் இருக்கலாம். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயமென்றால் இருபது. நீளத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை, அகலத்தில்தான் தெரியும். அந்த அகலமோ படத்தில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதனால் உருப்பெருக்கியோடு ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் ஒரே இடத்தைக் காட்டும் அடுத்தடுத்த இரண்டு படங்களை இணைத்து, கூரையின் இரு சரிவுகளையும் பார்த்தே முடிவு செய்கிறேன். ஒரு காம்பிராவில் எத்தனை குடும்பம் என்பதை எந்தப் படமும் காட்டாது. அதற்குத் தோட்டத்துக்கு ஏறிப்போய்க் கேட்கத்தான் வேண்டும்.