சிடியாக வந்த மோடம்

ஆழ்வார்குறிச்சியில் அக்கா மகளுக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்திருந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினி அது. விண்டோஸ், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று இரண்டும் அதில் இருந்தன. ஒருநாள் போனில் சொன்னாள்: "மாமா, விண்டோஸ்ல நெட்டு வருது. பாஸ்ல போட்டா டாங்கிளயே காணும்."

நேரில் போய்ப் பார்த்தேன். டாங்கிளைச் செருகியதும் விளக்கு எரிந்தது, போர்ட்டில் பழுதில்லை. ஆனால் நெட்வொர்க் பட்டியலில் மோடம் இல்லை, திரையில் ஒரு சிடி படம் வந்து நின்றது. சிடி டிரைவைத் திறந்தேன். உள்ளே தட்டு எதுவும் இல்லை. அப்படியானால் இந்த சிடி எங்கிருந்து வந்தது? என் தேடல் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

டெர்மினலில் `lsusb` அடித்தேன்.

```
ID 12d1:1446
```

முன்பாதி தயாரிப்பாளரின் எண், பின்பாதி கருவியின் எண். தேடிப் படித்ததில் விஷயம் விளங்கியது: 1446 மோடத்தின் எண்ணே அல்ல, சிடியாக நடிக்கும் நிலையின் எண். டிரைவரைத் தனித் தட்டில் தருவதற்குப் பதிலாக டாங்கிளின் நினைவகத்திலேயே வைத்து, அதை சிடி போலக் காட்டும் ஏற்பாடு இது. சிடியைக் கண்டால் விண்டோஸ் அதிலுள்ள நிறுவியை ஓட்ட முன்வரும். அப்படி ஏறிய மென்பொருள்தான் ஒவ்வொரு முறையும் 'இனி மோடமாக மாறு' என்று டாங்கிளுக்குக் கட்டளை அனுப்புகிறது. பாஸில் அதை அனுப்ப ஆளில்லை. அதனால் டாங்கிள் சிடியாகவே இருந்துவிட்டது.

லினக்ஸில் அந்த வேலையைச் செய்ய யோசுவா டீட்சே என்பவர் எழுதிய நிரல் இருக்கிறது: `usb_modeswitch`. அதை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு அதுவே வேண்டும். நல்லவேளை, பக்கத்திலேயே விண்டோஸ் இருந்தது. பாஸ் டெபியன் வழிவந்தது என்பதால் `usb-modeswitch`, `usb-modeswitch-data` ஆகிய இரண்டு தொகுப்புகளையும், அவை கேட்கும் துணைத் தொகுப்புகளையும் விண்டோஸில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்து வந்து நிறுவினேன். டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகிச் சில நொடி பொறுத்து மீண்டும் பார்த்தேன்.

```
ID 12d1:1001
```

எண் மாறிவிட்டது. `/dev/ttyUSB0` தோன்றியது, சிம்முக்குரிய ஏ.பி.என். கொடுத்ததும் இணைப்பு வந்தது.

உங்கள் டாங்கிளும் இப்படி மறைந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். எண்ணே வராவிட்டால் கோளாறு போர்ட்டிலோ டாங்கிளிலோ இருக்கும். எண் வந்து, சிடியும் தெரிந்தால் டாங்கிள் இன்னும் நிலை மாறவில்லை. மோடத்தின் எண்ணுக்கு மாறிய பின்னும் `ttyUSB` வராவிட்டால், `option` என்ற டிரைவர் அந்த எண்ணை ஏற்கவில்லையா என்று பாருங்கள். இவற்றைப் பார்க்காமல் டாங்கிளைத் தூக்கி எறிய வேண்டாம்.