கிணறு ஏறிச்சு, யாரால் ஏறிச்சு?

மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடும் வேலையை எடுத்துச் செய்யும் அண்ணன் ஒருவரிடம் கல்லூரி நேரம் போக உதவியாளாக இருக்கிறேன். குழாய் பிடிப்பது, கணக்கு எழுதுவது, கடைசியில் வாடிக்கையாளருக்கு 'முன்பு இப்படி, இப்போது இப்படி' என்று நாலு பக்கம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த நாலு பக்கத்தில் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

இடம் மதுரை கே.கே. நகர், ஆர்ச்சுக்கு உள்ளே தள்ளி ஒரு குடியிருப்பு. பத்து வீடு, ஒரே ஒரு பழைய திறந்த கிணறு. மே மாதத்தில் லாரித் தண்ணீர்தான். ஜூலையில் ஆரம்பித்து ஆகஸ்டில் வேலையை முடித்தோம். மாடியில் விழும் மழை குழாய் வழியாக ஒரு வடிகட்டித் தொட்டிக்கு வரும். அதில் ஜல்லி, கரி, மணல் அடுக்கியிருக்கும். அதைத் தாண்டிக் கிணற்றுக்குப் போகும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு வால்வு. கடைசித் தவணைப் பணம் மட்டும் பாக்கி. சங்கச் செயலாளர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "பலன் என்னன்னு எழுதிக் குடுங்க, கூட்டத்துல வச்சுட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

டிசம்பரில் எழுதினேன். மே மாதத்தில் தண்ணீர் 42 அடி ஆழத்தில், டிசம்பரில் 18 அடியில். 24 அடி ஏறிவிட்டது! இரண்டு போட்டோ பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் காய்ந்த கிணறு, இன்னொன்றில் வானம் தெரியும் தண்ணீர். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இத வச்சே அடுத்த தெருவுல நாலு வேலை புடிச்சிரலாம்டா."

செயலாளர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஐப்பசி, கார்த்திகை முடிஞ்சிருச்சு. மழை பெஞ்சா எந்தக் கிணறுதான் ஏறாது? உங்க குழாய் இல்லாட்டியும் ஏறியிருக்கும்ல?"

பதில் இல்லை என்னிடம். அது மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்பைப் புரட்டினால், மே மாதம் அண்ணன் அளந்தது கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து. டிசம்பரில் நான் அளந்தது தரையிலிருந்து. சுவர் 3 அடி உயரம். ஆக 18 என்பது உண்மையில் 21. மூன்று அடியை நானே 'ஏற்றி' வைத்திருக்கிறேன்! வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் யார் நம்புவார்கள்?

இந்த மாதிரித் தடுக்கல் நமக்கு மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2005-ல் சென்னையில் பேய்மழை. கிணறுகள் ஏறின, 'பார்த்தீர்களா திட்டத்தின் பலனை' என்று பேச்சு. திட்டத்துக்குப் பங்கு இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு மழை கொடுத்தது, எவ்வளவு தொட்டி கொடுத்தது என்று பிரிக்காமல் முழுவதையும் ஒரே பக்கம் எழுதினால் அது கணக்கு ஆகாது.

பிரிப்பது எப்படி? முதலில் மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு இன்னும் ஐந்து மாதம் காத்திருக்கணும். அண்ணனுக்குச் சொன்னதும் முகம் சுருங்கியது. தவணைப் பணம் அவர் மகள் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

அப்புறம் இரண்டாவது விஷயம். நம் வேலை நடக்காத ஒரு கிணறு பக்கத்தில் வேண்டும். அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. மே மாதம் அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரரும் விலை கேட்டிருந்தார். அண்ணன் அவர் கிணற்றையும் அளந்து எழுதி வைத்திருந்தார். விலை கட்டுப்படியாகவில்லை என்று அவர் வேண்டாம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணன் திட்டிய அந்த மனுஷன்தான் இன்றைக்கு எங்களைக் காப்பாற்றினார்.

அடுத்த மே மாதம் போய் அளந்தேன். இந்தத் தடவை சுவரில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து, காலையில் மோட்டார் போடுவதற்கு முன். (மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.) நம் கிணறு 42-லிருந்து 35. பக்கத்து வீட்டுக் கிணறு 40-லிருந்து 36. நமக்கு 7 அடி, எதுவும் செய்யாத அவருக்கே 4 அடி. அந்த வருடம் மழை பரவாயில்லை, வண்டியூர் கண்மாயிலும் தண்ணீர் நின்றது. கண்மாய் நிறைந்தால் எங்கள் பக்கம் எல்லாக் கிணறும் கொஞ்சம் ஏறும். எங்கள் வேலையின் பங்கு என்று தைரியமாகச் சொல்லக்கூடியது மிச்சம் 3 அடிதான்.

அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நம்ம விட்ட தண்ணி அவர் கிணத்துக்கும் போயிருக்கும்லடா, பூமிக்குள்ள காம்பவுண்டா கட்டியிருக்கு?" உண்மைதான். அதனால் 3 என்பது குறைவாகவே இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். எவ்வளவு குறைவு என்று எழுதவில்லை.

அடி என்றால் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. லாரி என்றால் புரியும். சங்கத்து நோட்டிலேயே கணக்கு இருந்தது. மார்ச் முதல் மே வரை போன வருடம் 31 லாரி, இந்த வருடம் 19. அவர்கள் கையால் எழுதிய நோட்டு என்பதால் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இரண்டு மாதம் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, அதையும் கீழே எழுதினேன்.

மாடியின் கணக்கும் ஒன்று. மாடி 300 சதுர மீட்டர், மதுரையின் சராசரி மழை வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. பெருக்கி, ஆவியாவது சிந்துவது போக நூற்றுக்கு எண்பது என்று வைத்தால் சுமார் 2,04,000 லிட்டர். பத்து வீட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 5,000 லிட்டர் என்றால் நாற்பது நாள் தண்ணீர். எங்கள் வேலை தரக்கூடியதின் உச்சம் அது. அதற்கு மேல் யார் சொன்னாலும் மாடி பத்தாது. 'இனி லாரியே வராது' என்று முதல் அறிக்கையில் நான் எழுதியிருந்த வரியை அடித்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

போட்டோவையும் மாற்றினேன். பழைய மே மாதப் படம் எடுத்த அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் இன்னொன்று. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. இரண்டிலும் கிணறு ஆழமாகத்தான் தெரிகிறது. கடைசிப் பக்கத்தில், ஐப்பசிக்கு முன்னால் மணலை எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் தொட்டி அடைத்துக்கொண்டு மழை வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும் என்று எழுதினேன்.

கூட்டத்தில் ஒருவர், "மூணு அடிக்கா இவ்வளவு செலவு?" என்றார். செயலாளர் சார் லாரி நோட்டைத் திறந்து ஒரு லாரி விலையைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டினார். பூட்டிய வீட்டுக்கு என்று இரண்டு லாரியை அவரே கழித்தும் காட்டினார். தவணைப் பணம் அந்த வாரமே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மறுபடி விலை கேட்டிருக்கிறார். செய்யலாம், ஆனால் அப்புறம் ஒப்பிட எனக்குக் கிணறு இருக்காது. அடுத்த தெருவில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.