அடக்க விலை எப்போது அடங்கும்?

உள்ளூரில் வாங்கி விற்பவருக்கு அடக்க விலை பார்ப்பது சுலபம். பில் தொகை, லாரி வாடகை, இறக்குக்கூலி. மூன்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குபவருக்கு அப்படியில்லை. சரக்கு கடைக்கு வந்து, விற்றும் தீர்ந்த பிறகுகூட அதன் அடக்கம் ஏறிக்கொண்டிருக்கலாம். கோயமுத்தூரில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியபோது, 2013ஆம் வருடம் அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

எங்களுக்குத் தைவானிலிருந்து ஸ்பேனர் செட் வரும். அந்த மே மாதத் தொடக்கத்தில் 6,000 செட்டுக்கு ஆர்டர் போட்டோம். கணக்கு புரிவதற்காக எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். சரக்கின் விலை 40,000 டாலர். தைவான் நாட்டுப் பணத்தில் அல்ல, அமெரிக்க டாலரில்தான் இன்வாய்ஸ். கப்பல் கூலியும் இன்சூரன்சும் 1,000 டாலர். அன்று டாலர் 54 ரூபாய்.

வரி போட, சுங்க இலாகா இந்த 41,000 டாலரோடு இறக்குச் செலவு என்று 1 சதவீதம் சேர்த்து 41,410 என்று எடுத்துக்கொள்ளும். அதன்மேல் சுங்க வரி 10. அந்த வரியும் சேர்ந்த தொகையின்மேல், உள்ளூர் கலால் வரிக்கு ஈடான வரி 12. இரண்டு வரியின்மேலும் கல்வி செஸ் 3. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மொத்தம் ஏறக்குறைய 23.9 சதவீதம் ஆகும். இதுபோக 4 சதவீதம் கூடுதல் வரி உண்டு. விற்று, விற்பனை வரி கட்டியதைக் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும் என்பதால் இந்தக் கணக்கில் அதை விட்டுவிடுகிறேன்.

54 ரூபாய்க்கு: சரக்கு 21,60,000, கப்பல் கூலி 54,000, வரி 5,34,000. தூத்துக்குடி துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜெண்ட், லாரி எல்லாம் சேர்த்து 60,000. ஆக 28,08,000. ஒரு செட் 468 ரூபாய். ஆர்டர் போடும்போது முதலாளியின் மனதில் இருந்த விலை இது.

மே 22ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னாங்கி, கடன் பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று பேசினார். டாலர் இந்தியாவை விட்டு வெளியேற ஆரம்பித்தது. எங்கள் சரக்கு மே 29ஆம் தேதி கப்பலேறி, மூன்று வாரத்தில் தூத்துக்குடிக்கு வந்தது.

இங்கேதான் வெளியாட்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே சரக்குக்கு டாலர் விலை ஒன்றல்ல. வரிக்கு, சுங்க இலாகா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் விலை. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும். எங்களுக்கு அது 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கம்பெனி தன் கூலியை ரூபாயில் வாங்க, தனக்கென்று ஒரு விலை வைத்திருக்கும். பாங்க் விலையைவிட அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எங்களுக்கு 59 போட்டார்கள். சரக்குக்கான பணத்துக்கோ, கட்டுகிற நாளில் பாங்க் நமக்கு டாலர் விற்கும் விலை.

முதல் இரண்டும் கட்டிய அன்றே முடிந்துபோகும். பிறகு டாலர் எங்கே போனாலும் சுங்கத்தார் மேலும் கேட்கவும் மாட்டார்கள், திருப்பித் தரவும் மாட்டார்கள். மூன்றாவது முடியாது. எங்கள் எல்.சி. 90 நாள் தவணை. அதுவும் கப்பலேறிய தேதியிலிருந்து கணக்கு. ஆகஸ்ட் 27ஆம் தேதி கட்ட வேண்டும்.

ஜூனில் சரக்கு வந்ததும் மறுபடி அடக்கம் போட்டேன். சரக்கு 58 ரூபாய்க்கு 23,20,000, கப்பல் கூலி 59,000, வரி 5,74,000, உள்ளூர்ச் செலவு 60,000. மொத்தம் 30,13,000. செட் 502 ரூபாய். அதன்மேல் 8 சதவீதம் வைத்து 542க்கு விற்றோம். ஜூலைக் கடைசிக்குள் எல்லாம் போய்விட்டது. வந்தது 32,52,000. லாபம் 2,39,000 என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த அடக்கத்தில் 23,20,000 என்பது நாங்கள் கட்டிய பணம் அல்ல, கட்டப்போகிற பணத்துக்கு ஒரு அனுமானம். மொத்த அடக்கத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அந்த அனுமானம்தான்.

ஜூனிலேயே பாங்கில் ஃபார்வர்டு எடுக்கலாம் என்று சொன்னேன். ஆகஸ்ட் 27க்கு வேண்டிய டாலரை இன்றே விலை பேசி வைப்பது. அன்றைய விலைக்கு மேல் சுமார் 80 காசு கேட்டார்கள். 40,000 டாலருக்கு 32,000 ரூபாய், செட்டுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். முதலாளி யோசித்தார்.

"போன வருஷம் ஜூன்ல டாலர் 57 இருந்துச்சு, அக்டோபர்ல 52க்கு வந்துருச்சுங்களே. அப்ப ஃபார்வர்டு எடுத்திருந்தா நமக்கு நட்டந்தானுங்க. 32,000த்த எதுக்குங்க வீணா கட்டோணும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2012இல் அப்படித்தான் நடந்தது. டாலர் இறங்கினால், ஃபார்வர்டு எடுக்காத பக்கத்துக் கடைக்காரர் நம்மைவிடக் குறைத்து விற்பார், நாம் கூடிய விலையில் மாட்டிக்கொள்வோம். ஃபார்வர்டு லாபம் தருகிற வழி அல்ல. 542 என்று விலை சொல்லும்போது அடக்கம் என்ன என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழி, அவ்வளவுதான். எடுக்க வேண்டாம் என்று முடிவானது.

ஆகஸ்ட் 27 அன்று பாங்க் எங்களுக்கு டாலர் விற்றது ஏறக்குறைய 66 ரூபாய் 50 காசுக்கு. சரக்குக்கு மட்டும் 26,60,000. உண்மையான அடக்கம் 33,53,000, செட் 559 ரூபாய். 542க்கு விற்று முடித்த சரக்கு! 2,39,000 லாபம் போய் 1,01,000 நட்டம். மறுநாள் டாலர் 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. ஒரு நாள் தப்பித்தோம் என்பதே ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நட்டம் சரக்குக் கணக்கில் தெரியாது. கணக்கு முறைப்படி, சரக்கு வந்த அன்றைய விலையோடு அதன் கொள்முதல் நின்றுவிடும். பின்னால் ஏறிய 3,40,000 "அந்நியச் செலாவணி வித்தியாசம்" என்று தனித் தலைப்பில் போய் உட்காரும். ஸ்பேனரில் 8 சதவீதம் லாபம் என்றே விற்பனைப் பட்டியல் காட்டிக்கொண்டிருக்கும். கல்லாவில் மட்டும் பணம் இருக்காது. இறக்குமதி செய்கிற பிள்ளைகளோ பேரன்களோ உங்கள் வீட்டில் இருந்தால், லாபக் கணக்கைப் பார்க்குமுன் அந்த ஒரு தலைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குப்பின் எங்கள் கடையில் அடக்கச் சீட்டில் ஒரு கோடு கிழித்தோம். கோட்டுக்கு மேலே கட்டி முடித்தது, கீழே கட்ட வேண்டியது. விலை போடுகிற அன்றே கீழே இருப்பதில் பாதிக்காவது ஃபார்வர்டு. மீதிப் பாதிக்கு வாராவாரம் அன்றைய டாலரைப் போட்டு அடக்கத்தைத் திருத்தி, கையில் இருக்கும் சரக்கின் விலையையும் மாற்றுவோம். "பழைய சரக்குதானே, ஏன் ஏத்தறீங்க?" என்று வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். சரக்கு பழையதுதான், அதற்குப் பணம்தான் இன்னும் கட்டவில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

இப்போது ஜி.எஸ்.டி. வந்து வரிகளின் பெயர்கள் மாறிவிட்டன, அந்த 1 சதவீத இறக்குச் செலவும் போய்விட்டது. தவணைக்கு வாங்கிய சரக்கின் அடக்கம், பாங்கில் கடைசி டாலர் கட்டிய அன்றுதான் இன்றும் அடங்குகிறது.