கரை கோர்க்க ஓர் ஆள்

காட்டாங்குளத்தூரில் திருமால்பூர் வண்டியைப் பிடித்தால் செங்கல்பட்டில் திரும்பி, பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் இரண்டு பட்டுச்சேலைகள். ஒன்று அம்மாவின் கல்யாணச் சேலை: அரக்கு உடல், பச்சைக் கரை. இன்னொன்று போன தை மாதம் மகளின் நிச்சயத்துக்கு நான் எடுத்தது. அதே நிறம்தான் வேண்டும் என்று தேடி எடுத்தேன். “அசல் கோர்வைம்மா” என்றார் கடைக்காரர். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்ததும் ஏதோ உறுத்தியது. புதுச்சேலையின் கரை பச்சைதான், ஆனால் அதில் ஒரு மங்கல். என்ன குறை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் மூலம் போன நெசவாளர் வீட்டில் கூடமே தறிக்கூடம். குழித்தறிக்குள் கால் தொங்க உட்கார்ந்திருந்த பெரியவர் எழவில்லை. கையை மட்டும் நீட்டி, “கொடும்மா, பாக்கலாம்” என்றார். புதுச்சேலையைப் பிரிக்கக்கூட இல்லை. கரையின் வெளி ஓரத்தை, தரையில் படும் விளிம்பை, நகத்தால் வளைத்து வெளிச்சத்தில் காட்டினார். பச்சை விளிம்பில் பொடிப்பொடியாக அரக்குப் புள்ளிகள். “உடம்பு நூலு இங்க எதுக்கு வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அம்மா சேலையின் விளிம்பைக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. பச்சை, பச்சை மட்டும்.

அந்தக் கேள்விக்குள்தான் கோர்வை முழுவதும் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் வேறு வேறு நிறமானால் துணியில் மூன்றாவது நிறம் பிறக்கும். மயில்கழுத்து அப்படி வேண்டுமென்றே பிறக்கவைத்த நிறம். ஆனால் கரை கலப்பில்லாத பச்சையாக வேண்டுமென்றால் அங்கே பாவும் பச்சை, ஊடையும் பச்சையாக இருந்தாக வேண்டும். பாவில் சிரமமில்லை; ஓரத்தில் பச்சையை ஏற்றிவிடலாம். ஊடைதான் வில்லங்கம். ஒரே நாடா இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் போனால் அரக்கு ஊடை கரைக்குள்ளும் புகுந்துவிடும். என் புதுச்சேலையின் மங்கலுக்கு அதுதான் காரணம். பச்சைப் பாவின் மேல் அரக்கு ஊடை.

கோர்வையில் நாடா மூன்று. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. பெரியவருக்கு வலப்பக்கம், தறியின் அந்த ஓரத்தில், அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மிதியை அழுத்தியதும் பாவு இரண்டாகப் பிளந்து வழி திறக்கிறது. அக்கா தன் பக்கத்துக் கரை நாடாவை உள்ளே விட்டு, கரை முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் பாவுக்கு மேலே எடுத்துவிடுகிறார். பெரியவர் இடக்கரையில் அதையே செய்துவிட்டு, உடல் நாடாவை வலக்கரையை நோக்கி எறிகிறார். எல்லை வந்ததும் அக்கா அதைப் பிடித்து, அரக்கு இழையைப் பச்சை இழையின் மேல் ஒரு கொக்கி போல வளைத்துவிடுகிறார். பலகை இடிக்கிறது. மறுபடி மிதி. இம்முறை உடல் நாடா திரும்பி வருகிறது, கோர்ப்பு பெரியவர் கையில். பேச்சே இல்லை.

அங்குலத்துக்கு ஐம்பது ஊடை என்று வைத்துக்கொண்டால்கூட ஐந்து மீட்டர் உடலுக்குப் பத்தாயிரத்தை நெருங்கும். ஓர் ஊடைக்கு ஒரு கொக்கி என்றால் இரண்டு கரைக்கும் சேர்த்து ஏறக்குறைய பத்தாயிரம் கொக்கி.

அதில் ஒன்று தவறினாலும் உடலுக்கும் கரைக்கும் நடுவே ஊசி நுழையும் அளவுக்குக் கீறல் விழும். முன்பக்கம் தெரியாது, சேலையைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஒழுகும். இழுப்பு கூடிப்போனால் வேறு கோளாறு. உடல் ஊடையை அழுத்தி இழுத்துவிட்டால் கோர்த்த இடம் உள்வாங்கி, கரை அலையலையாகச் சுருங்கும். ஜரிகைக் கரை விறைப்பாக நிற்பதால் அந்தச் சுருக்கம் தேய்த்தாலும் போகாது. அம்மா சேலையைப் புரட்டி, கோர்த்த கோட்டில் விரலை ஓட்டச் சொன்னார் அக்கா. மெல்லிய வரம்பு போலத் தட்டுப்பட்டது, பல் பல்லாக. இத்தனை வருஷம் அந்தச் சேலையை மடித்து வைத்திருக்கிறேன், ஒருநாளும் விரல் அங்கே நிற்கவில்லை.

“முந்தியைப் பாத்தியா?” என்றார் பெரியவர். புதுச்சேலையின் முந்தியும் பச்சைதான், ஆனால் அதே அழுக்குப் பச்சை. நுனியில் தொங்கிய இழைகளைப் பிடித்துக் காட்டினார். கரையை விட்டால் அத்தனையும் அரக்கு. தொங்குவது பாவு நூல். பின்னால் கட்டிய குஞ்சம் இல்லையென்றால் அது பொய் சொல்லாது. உடலின் அரக்குப் பாவே முந்திக்குள்ளும் ஓடியிருக்கிறது, ஊடையை மட்டும் பச்சையாக மாற்றியிருக்கிறார்கள். அம்மா சேலையின் நுனியில் தொங்கியதெல்லாம் பச்சை.

இப்படி முந்தியில் பாவின் நிறம் மாறுவதற்குப் பெயர் பிட்னி. கோர்வை குறுக்கே ஊடையை மாற்றும் வேலை. பிட்னி நெடுக்கே பாவையே மாற்றும் வேலை. உடல் முடிந்து முந்தி தொடங்கும் இடத்தில் தறியை நிறுத்திவிட்டு, உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்திப் பாவின் ஓர் இழையைப் பிணைக்க வேண்டும். இரு நிறமும் சேர்ந்து கொஞ்ச தூரம் நெய்யப்பட்டுப் பிடித்துக்கொண்ட பிறகு பழைய இழைகளை வெட்டிவிடுகிறார்கள். கரைப் பாவை யாரும் தொடுவதில்லை. அது சேலை முழுக்க நேராகவே ஓடுகிறது. அங்குலத்துக்கு நூறு இழை என்று கொண்டால் முப்பது அங்குல உடலுக்கு மூவாயிரம் இணைப்பு. அந்த நேரத்தில் ஓர் அங்குலத் துணிகூட வளராது. சேர்ந்த இடத்தில் நூல் இரட்டிப்பதால் ஒரு பட்டை கொஞ்சம் தடித்து, நிற எல்லை நெளிந்து தெரியும். கடையில் அதைக் குறை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டாம். அங்கே சுத்தமான நேர்கோடு இருந்தால்தான் நான் இனிமேல் சந்தேகப்படுவேன்.

முந்தியும் கரையும் ஏன் பெரும்பாலும் ஒரே நிறம் என்பதும் அன்றுதான் புரிந்தது. அழகு ஒரு பக்கம். பிட்னி போட்டதும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பாவு முழுக்கப் பச்சையாகிவிடுகிறது. ஊடையும் பச்சைதான் என்பதால் கோர்க்கவே வேண்டாம், ஒரு நாடா போதும். “முந்தி வந்தாத்தான் எனக்கு லீவு” என்று அக்கா சிரித்தார்.

அந்த லீவில்தான் விஷயம் இருக்கிறது. கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அவருக்குக் கூலி நெசவாளரின் கூலியிலிருந்தே போகவேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரே எட்டு வயதில் தன் அப்பாவுக்குக் கரை கோர்த்தவர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது, அப்புறம் மெல்லப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போனது நல்லதுதான், அவரும் அப்படித்தான் சொன்னார். அவர் மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஆனால் காலியான அந்த இடத்துக்கு வெளியிலிருந்து யாரும் வரவில்லை. பல வீடுகளில் மனைவிமார் உட்கார்ந்தார்கள், அந்தக் கூலி தனியாகக் கணக்கில் வருவதில்லை. ஆள் கிடைக்காதவர்கள் ஒரே நாடாவுக்கு மாறினார்கள். என் புதுச்சேலை அப்படி ஒரு தறியில் பிறந்திருக்கலாம். பட்டு அசல், ஜரிகையும் மோசமில்லை என்றார். நெய்தவர் ஏமாற்றவில்லை, கோர்வை என்று பெயர் வைத்து விற்ற இடத்தில்தான் பொய் நுழைந்திருக்கிறது.

ஆசைக்கு என்னையும் ஒருமுறை கோர்க்கச் சொன்னார்கள். அக்கா நகர்ந்து இடம் விட்டார். நாடாவைப் பிடித்தேன், இழையை வளைத்தேன், பலகை இடித்தது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்த ஊடையை உருவி எடுத்தார். கொக்கி விழவே இல்லை. அக்கா மறுபடி உட்கார்ந்து அதே ஊடையைக் கோர்த்து முடித்தபோது உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவர் எழுந்து போனார். பெரியவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, உடல் நாடாவைப் பாவின் மேல் வைத்தார்.

“அவ வரட்டும்” என்றார்.